மெத்தியோனின், ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், கிளைசின்: ஒரு தவறான விடை எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் வினாத்தாளில் டி.என்.ஏ வரிசையைக் கொடுத்து அமினோ அமில வரிசையைக் கேட்டால், பெரும்பாலும் வார்ப்புரு இழையின் 3' முனையை இடது பக்கம் வைத்தே கொடுப்பார்கள். மாணவர்கள் இடமிருந்து வலமாக A-க்கு U, T-க்கு A, G-க்கு C, C-க்கு G என்று மாற்றிக்கொண்டே போவார்கள். அப்புறம் மூன்று மூன்றாகப் பிரித்து அட்டவணையைப் பார்த்தால் விடை வந்துவிடும். இப்படிப் பல கணக்குகளைப் போட்ட மாணவருக்கு 5', 3' என்ற குறிகள் வரிசையின் ஓரத்தில் இருக்கும் அலங்காரமாகத்தான் தெரியும். அவற்றைப் பார்க்காமலே முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறதே.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று பார்க்க, ஒரு வகுப்புத் தேர்வில் வரிசையைத் திருப்பிக் கொடுத்தேன். கோடான் அட்டவணை வினாத்தாளிலேயே இருந்தது, மனப்பாடம் தேவையில்லை. வினா இதுதான்:

```
வார்ப்புரு இழை:
5'-CTTCTCCTCAGGAGTCAGATGCACCATGGTGT-3'
```

(அ) இதிலிருந்து உருவாகும் எம்.ஆர்.என்.ஏ வரிசையையும் அமினோ அமில வரிசையையும் எழுதுக. (ஆ) இடமிருந்து 8-ஆவது காரமான T, A ஆக மாறினால் என்ன ஆகும்? (இ) அதே T மாறாமல், நீங்கிவிட்டால் என்ன ஆகும்?

இந்த 32 எழுத்துகளும் நானாகக் கோத்தவை அல்ல. மனிதனின் 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவின் தொடக்கப் பகுதி இது. இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கி வினா தயாரித்தால் நடுவில் எங்காவது நிறுத்தக் கோடான் வந்து தொலையும், அல்லது அர்த்தமில்லாத புரதம் வரும். உண்மையான மரபணுவை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. இந்தத் துண்டில் இன்னொரு வசதியும் உண்டு. மாணவர் எந்த இடத்தில் வழுக்கினாலும் அந்த வழுக்கலுக்கென்றே தனியாக ஒரு விடை வரும். விடைத்தாளில் அமினோ அமிலப் பெயர்களை மட்டும் பார்த்தே, எந்தப் படியில் தப்பு நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் சரியான வழியைப் பார்த்துவிடுவோம்.

ஆர்.என்.ஏ பாலிமரேஸ் புதிய காரத்தை எப்போதும் வளரும் ஆர்.என்.ஏவின் 3' முனையில்தான் சேர்க்கும். அதனால் ஆர்.என்.ஏ 5' முனையிலிருந்து 3' முனையை நோக்கி வளர்கிறது. வார்ப்புரு இழை அதற்கு எதிர்த்திசையில் இருப்பதால், நொதி அதை 3' முனையிலிருந்து படித்துக்கொண்டு வருகிறது. நம் வினாவில் 3' முனை வலது ஓரத்தில் இருக்கிறது. எனவே படியெடுத்தல் நாம் வாசிக்கும் திசைக்கு எதிராக, வலது ஓரத்து T-யில் தொடங்குகிறது.

தாளில் இதைச் செய்ய நான் சொல்லும் முறை இது. வார்ப்புருவைத் திருப்பி எழுத வேண்டாம். அது இருக்கிறபடியே இருக்கட்டும். அதன் கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் இணையை எழுதுங்கள். எழுதத் தொடங்குவதற்கு முன்பே முனைகளைக் குறித்துவிடுங்கள்: மேலே 5' இருக்கும் பக்கம் கீழே 3', மேலே 3' இருக்கும் பக்கம் கீழே 5'.

```
5'-CTTCTCCTCAGGAGTCAGATGCACCATGGTGT-3'   வார்ப்புரு
3'-GAAGAGGAGUCCUCAGUCUACGUGGUACCACA-5'   எம்.ஆர்.என்.ஏ
```

இப்போது கீழ் வரிசையை மட்டும் 5' முனை இடது பக்கம் வருமாறு திருப்பி எழுத வேண்டும். ரைபோசோம் அந்த முனையிலிருந்துதான் படிக்கும், அட்டவணையும் அந்தத் திசைக்குத்தான் போடப்பட்டிருக்கிறது.

```
5'-ACACCAUGGUGCAUCUGACUCCUGAGGAGAAG-3'
```

திருப்பி எழுதியதும் எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது நல்லது. 32 இருக்க வேண்டும். திருப்பும்போது CC, GG போன்ற இரட்டைகளில் ஒன்று விட்டுப்போவது சகஜம். ஒன்று விட்டாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே கெட்டுவிடும்.

அடுத்து AUG எங்கே என்று தேட வேண்டும். இங்கே ஆறாவது எழுத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் உள்ள ACACC என்பது மொழிபெயர்க்கப்படாத முன்பகுதியின் கடைசி ஐந்து எழுத்துகள். உண்மையான எம்.ஆர்.என்.ஏவில் அந்த முன்பகுதி 50 எழுத்து நீளம், அதன் வாலை மட்டும் வைத்திருக்கிறேன். AUG-யிலிருந்து மூன்று மூன்றாக வெட்டினால்:

```
ACACC AUG GUG CAU CUG ACU CCU GAG GAG AAG
```

மெத்தியோனின், வேலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லைசின். மொத்தம் ஒன்பது. நிறுத்தக் கோடான் வரவில்லையே என்று சிலர் பதறி, விடையையே அடித்துவிடுகிறார்கள். கொடுத்திருப்பது மரபணுவின் ஒரு துண்டு மட்டும்தான், முடிவு அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. துண்டு முடியும் இடத்தில் விடையும் முடியும்.

சரி, இனி தவறான விடைகள்.

மேலே தலைப்பில் உள்ளதுதான் இவற்றில் மிக மோசமானது: மெத்தியோனின், ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், கிளைசின். மோசமானது என்று சொல்வதற்குக் காரணம், அது பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கிறது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவிதான் இதை எழுதியிருந்தாள். தாளோடு வந்து நின்றாள்.

"AUG கண்டுபிடிச்சுத்தான் சார் ஆரம்பிச்சேன். அது இருக்கு பாருங்க."

"இருக்கும்மா. எந்த இழையில இருக்கு?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "கொடுத்த இழையிலேயே."

அவள் செய்தது T-க்குப் பதில் U போட்டது மட்டும்தான். அப்படிச் செய்தால் CUUCUCCUCAGGAGUCAGAUGCACCAUGGUGU என்று வரும். அதில் 19-ஆவது எழுத்திலிருந்து AUG உண்மையாகவே இருக்கிறது. அங்கிருந்து வெட்டினால் AUG CAC CAU GGU, மிச்சம் GU. இதோ நான்கு அமினோ அமிலங்கள். மெத்தியோனினில் தொடங்கிவிட்டதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த AUG எங்கிருந்து வந்தது? எம்.ஆர்.என்.ஏவில் ஹிஸ்டிடினுக்கான CAU இருக்கிறதல்லவா, அதற்கு எதிரே வார்ப்புருவில் இருப்பதை 5' முனையிலிருந்து படித்தால் ATG. அதாவது புரதத்தில் எங்கெல்லாம் ஹிஸ்டிடின் CAU என்ற கோடானால் குறிக்கப்படுகிறதோ, அங்கெல்லாம் எதிர் இழையில் ஒரு போலி ATG உட்கார்ந்திருக்கும். இந்தத் துண்டில் அது மூன்றாவது அமினோ அமிலத்திலேயே வந்துவிடுகிறது. போதாதற்கு உண்மையான தொடக்கத்தைச் சுற்றியுள்ள CCATGG என்ற ஆறு எழுத்துகளை எந்த இழையில் 5' முனையிலிருந்து படித்தாலும் CCATGG என்றே வரும். அதனால் தவறான இழையில் இரண்டு ATG-கள் கிடைக்கின்றன. 'AUG கிடைத்துவிட்டது, எனவே சரியான இழையில்தான் இருக்கிறோம்' என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. 64 கோடான்களில் AUG ஒன்று, தற்செயலாகவே அடிக்கடி வரும்.

இந்தத் தவறு வகுப்பில் நடக்க ஒரு காரணம் இருக்கிறது, அதற்காக மாணவரை மட்டும் குறைசொல்ல முடியாது. 2018 நீட் தேர்வில் AGGTATCGCAT என்பது குறியீட்டு இழையின் வரிசை, எம்.ஆர்.என்.ஏ என்ன என்று கேட்டார்கள். விடை AGGUAUCGCAU, அதாவது T-யை U ஆக்கினால் போதும். இணைக் காரங்களை எழுதியவர்கள் UCCAUAGCGUA என்ற பொறி விடையில் விழுந்தார்கள். அந்த ஒரு வினாவுக்குப் பிறகு 'T-க்கு U போடு, அவ்வளவுதான்' என்பது பயிற்சி வகுப்புகளில் ஒரு குறுக்கு வழியாகவே ஆகிவிட்டது. குறியீட்டு இழைக்கு அது சரி. வார்ப்புரு என்று வினா சொன்ன பிறகும் அதையே செய்தால் இப்படித்தான் வரும். வினாவில் முதலில் அடிக்கோடிட வேண்டிய சொல், கொடுத்திருப்பது எந்த இழை என்பதுதான்.

இரண்டாவது வகை விடை: குளுட்டாமிக் அமிலம் மூன்று முறை, செரின் இரண்டு முறை, அப்புறம் வேலின், டைரோசின், வேலின், வேலின், புரோலின். இதை எழுதியவர்கள் இணைக் காரங்களைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் கிடைத்த வரிசையை அப்படியே இடமிருந்து படித்துவிட்டார்கள். GAA GAG GAG UCC UCA என்று. முனைகளைக் குறித்திருந்தால் இடது ஓரத்தில் 3' என்று கண்ணில் பட்டிருக்கும். இந்த வரிசையில் AUG எங்குமே இல்லை. மாணவர் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் முதல் எழுத்திலிருந்தே மொழிபெயர்த்ததைப் பார்த்தால், AUG தேடும் படியே அவர் மனதில் இல்லை என்பது தெரிகிறது. ஆக இதில் இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, இரண்டாவது தவறு முதல் தவறை மறைத்துவிட்டது.

மூன்றாவது வகையில் திசை சரி, இழை சரி, எம்.ஆர்.என்.ஏவும் அட்சரம் பிசகாமல் சரி. ஆனால் முதல் எழுத்திலிருந்தே மூன்று மூன்றாக வெட்டிவிட்டார்கள்:

```
ACA CCA UGG UGC AUC UGA
```

திரியோனின், புரோலின், டிரிப்டோபான், சிஸ்டீன், ஐசோலியூசின், நிறுத்தம். UGA வந்ததும் நிறுத்தக் கோடான் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் பேனாவை வைத்துவிட்டார்கள். இங்கேயும் பொறி மரபணுவிலேயே இருக்கிறது. லியூசினுக்கான CUG-யும் அடுத்துள்ள திரியோனினுக்கான ACU-வும் சேரும் இடத்தில், சட்டகம் ஓர் எழுத்து பிசகினால் UGA தெரிகிறது. சட்டகத்துக்கு வெளியே நிறுத்தக் கோடான்கள் தென்படுவது சாதாரணம். 64-இல் மூன்று நிறுத்தக் கோடான்கள் என்றால், தவறான சட்டகத்தில் சராசரியாக இருபது கோடான்களுக்கு ஒன்று எதிர்பார்க்கலாம். நிஜ மரபணுவில் சரியான சட்டகம் மட்டும்தான் நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்குத் தடையின்றி ஓடும்.

நான்காவது வகை விடை மிகக் குறைவான தாள்களில்தான் இருந்தது. டைரோசின், ஹிஸ்டிடின், வேலின், அஸ்பார்டிக் அமிலம், நிறுத்தம். இதை எழுதியவர்கள் எம்.ஆர்.என்.ஏவைச் சரியாக எழுதி, AUG-யிலிருந்து சரியாக வெட்டி, அதன் பிறகு டி.ஆர்.என்.ஏவின் ஆன்டிகோடான்களையும் எழுதியிருந்தார்கள்: UAC, CAC, GUA, GAC, UGA. பாடப்புத்தகத்தில் மொழிபெயர்த்தல் படத்தில் டி.ஆர்.என்.ஏதான் அமினோ அமிலத்தைச் சுமந்து வருகிறது, அதனால் அதன் எழுத்துகளை வைத்து அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகக்கூட இருக்கிறது. ஆனால் அட்டவணை எம்.ஆர்.என்.ஏ கோடானுக்குப் போடப்பட்டது. திரியோனினைக் கொண்டு வரும் டி.ஆர்.என்.ஏவுக்கு அவர்கள் கணக்குப்படி UGA என்று வருகிறது, அட்டவணையில் அது நிறுத்தம். ஆக, அமினோ அமிலத்தைக் கையில் வைத்திருக்கும் டி.ஆர்.என்.ஏவே தன்னை நிறுத்தக் கோடான் என்று சொல்லிக்கொள்கிறது. இந்த முரணைக் காட்டியதும் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வினாவில் ஆன்டிகோடானைக் கேட்காதபோது அதை எழுதவே வேண்டாம் என்பது என் கருத்து. கேட்டால் தனி வரியில், 3' முனையையும் 5' முனையையும் குறித்து எழுதட்டும்.

இந்த நான்காவது விடைக்கு மட்டும் இன்னொரு பாதையும் உண்டு. வார்ப்புருவை மட்டும் வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதி, இணை போடாமல் T-யை U ஆக்கி, சரியான இடத்திலிருந்து வெட்டினாலும் இதே UAC CAC GUA GAC UGA வரும். அதனால் இந்த ஒன்றில் மட்டும் பெயர்களைப் பார்த்து முடிவுக்கு வர முடியாது, செய்முறை வரிகளைப் பார்த்தே தீர வேண்டும்.

அடுத்து (ஆ) பிரிவு. 8-ஆவது எழுத்து T, A ஆகிறது. வார்ப்புருவில் 7, 8, 9 ஆகிய எழுத்துகள் CTC, அது CAC ஆகும். எம்.ஆர்.என்.ஏவில் GAG இருந்த இடத்தில் GUG வரும். குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். இதுதான் கதிர் அரிவாள் செல் இரத்தசோகைக்குக் காரணமான மாற்றம். அப்படி மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை 1950-களின் நடுவில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் கண்டறிந்தார். தென்னிந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. இந்தியாவில் இந்தப் பண்பு முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

முழு எம்.ஆர்.என்.ஏவையும் மறுபடி எழுதாமல் மாறிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். வார்ப்புருவில் இடமிருந்து 8-ஆவது என்றால், திருப்பி எழுதிய எம்.ஆர்.என்.ஏவில் அது வலமிருந்து 8-ஆவது. 32-இல் 7 போக 25-ஆவது எழுத்து. முன்பகுதி ஐந்தையும் கழித்தால் 20-ஆவது. இருபதை மூன்றால் வகுத்தால் ஆறு கோடான் முடிந்து மீதி இரண்டு. எனவே ஏழாவது கோடானின் நடு எழுத்து.

இங்கேதான் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. பாடப்புத்தகத்தில் ஆறாவது இடம் என்றுதானே போட்டிருக்கிறது, ஏழாவது எப்படி வந்தது என்று கேட்டார்கள். சிலர் விடை ஏழு என்று வந்ததும், எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து அடித்துவிட்டு ஆறு என்று எழுதியிருந்தார்கள். இரண்டுமே சரிதான். புரதம் உருவாகும்போது முதலில் வரும் மெத்தியோனின் பிறகு வெட்டி நீக்கப்படுகிறது. இரத்தத்தில் இருக்கும் பீட்டா சங்கிலி வேலினில் தொடங்கி 146 அமினோ அமிலம் நீளம். இங்கிராம் ஆராய்ந்தது அந்தப் புரதத்தை, மரபணுவை அல்ல. ஆகவே அவர் எண்ணிக்கையில் அது ஆறாவது. மரபணுவிலிருந்து கணக்கிடும் நமக்கு மெத்தியோனினையும் சேர்த்து ஏழாவது. தேர்வில் 'ஏழாவது கோடான், முதிர்ந்த புரதத்தில் ஆறாவது அமினோ அமிலம்' என்று எழுதிவிட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

இதே GAG கோடானில் வேறு எழுத்தை மாற்றிக் கேட்பதும் நல்ல பயிற்சி. முதல் G, A ஆனால் AAG, அதாவது லைசின். ஹீமோகுளோபின் சி என்ற இன்னொரு வகை அது. வார்ப்புருவில் 9-ஆவது எழுத்தான C, T ஆக மாறினால் இது நடக்கும். கடைசி G, A ஆனால் GAA, அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான், புரதத்தில் ஒன்றுமே தெரியாது. 'திடீர்மாற்றம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே புரதம் மாறியாக வேண்டும் என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வகையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

(இ) பிரிவில்தான் நான் எதிர்பார்க்காத விடை வந்தது. அந்த T நீங்கினால் எம்.ஆர்.என்.ஏவில் GAG-யின் நடு A காணாமல் போகும். அடுத்துள்ள எழுத்துகள் எல்லாம் ஓர் இடம் முன்னால் நகரும்.

```
AUG GUG CAU CUG ACU CCU GGG AGA AG
```

ஏழாவது கிளைசின், எட்டாவது ஆர்ஜினின், கடைசியில் AG என்று இரண்டு எழுத்து அநாதையாக நிற்கும். ஆனால் பல தாள்களில் ஒரு குளுட்டாமிக் அமிலம் மட்டும் நீங்கி, புரோலினுக்குப் பிறகு குளுட்டாமிக் அமிலம், லைசின் என்று இருந்தது. ஓர் எழுத்து போனால் ஓர் அமினோ அமிலம் போகும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று எழுத்துகள் சேர்ந்து நீங்கினால்தான் அது நடக்கும். இந்த விடையை எழுதியவர்களில் சிலர் எம்.ஆர்.என்.ஏவைச் சரியாகவே எழுதியிருந்தார்கள், 31 எழுத்தும் இருந்தன. ஆனால் மறுபடி வெட்டிப் பார்க்கவில்லை. (அ) பிரிவில் வந்த பட்டியலிலிருந்து ஒரு பெயரை மட்டும் அடித்துவிட்டு எழுதிவிட்டார்கள்.

கடைசி AG-யை என்ன செய்வது என்றும் குழப்பம். ஒருவர் AGA என்று தானாகவே ஓர் எழுத்தைச் சேர்த்து ஆர்ஜினின் போட்டிருந்தார். அட்டவணைப்படி AG-யில் தொடங்கும் கோடான் செரினாகவும் இருக்கலாம், ஆர்ஜினினாகவும் இருக்கலாம். மூன்றாவது எழுத்து தெரியாமல் சொல்ல முடியாது. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

இந்த நீக்கமும் கற்பனை அல்ல. மத்தியதரைக்கடல் பகுதியின் பீட்டா தலசீமியாவில் உண்மையாகவே காணப்படுவது. 32 எழுத்துகளோடு நிறுத்தாமல் மரபணுவைத் தொடர்ந்து எழுதினால் என்ன ஆகும் என்று அடுத்த வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்:

```
GGG AGA AGU CUG CCG UUA CUG CCC UGU GGG GCA AGG UGA
```

நீக்கத்துக்குப் பிறகு பன்னிரண்டு அமினோ அமிலங்கள் சம்பந்தமே இல்லாமல் வருகின்றன, பதின்மூன்றாவது இடத்தில் UGA. மெத்தியோனினையும் சேர்த்து 18 அமினோ அமிலங்களோடு கதை முடிந்தது. 147 வர வேண்டிய இடத்தில் 18. முன்னே சொன்ன 'இருபது கோடானுக்கு ஒரு நிறுத்தம்' என்ற கணக்கு இங்கே கண்ணெதிரே நடக்கிறது. இதைப் பார்த்த பிறகு 2017 நீட் தேர்வின் வினா ஒன்றைக் கொடுத்தேன். 333 அமினோ அமிலங்களுக்கான 999 காரங்களில் 901-ஆவது காரம் நீங்கினால் எத்தனை கோடான்கள் மாறும்? 900 வரை 300 கோடான்கள் தப்பிக்கும், மீதி 33 மாறும். ஒன்று என்று யாரும் எழுதவில்லை.

மரபணுவை இப்படி நீட்டிக்கொண்டே போகவும் ஓர் எல்லை உண்டு. பீட்டா குளோபினில் 30-ஆவது கோடான் பக்கத்தில் முதல் இன்ட்ரான் குறுக்கிடுகிறது. டி.என்.ஏவை நேராகப் படித்துக்கொண்டே போனால் அங்கிருந்து வரும் எழுத்துகள் எம்.ஆர்.என்.ஏவிலேயே இருக்காது. வினா தயாரிப்பவர்கள் நீளமான யூகேரியோட் வரிசையைக் கொடுத்தால் இன்ட்ரான் எது என்று குறித்தாக வேண்டும், இல்லையென்றால் பாக்டீரியா மரபணுவை எடுத்துக்கொள்ளலாம். அதைவிட அடிப்படையான ஒன்று: இழையின் பெயரையும் முனைகளையும் போடாமல் வெறும் எழுத்துகளைக் கொடுக்கும் வினாக்கள் இன்னும் உலவுகின்றன. இந்தத் துண்டையே அப்படிக் கொடுத்தால் மேலே சொன்ன விடைகளில் மூன்று, ஏதாவது ஒரு அனுமானத்தின் கீழ் சரியாகிவிடும். அப்போது தவறு மாணவருடையது அல்ல. அப்படிப்பட்ட வினாவைச் சந்திக்கும் மாணவர், 'இதை வார்ப்புரு இழை என்றும் இடது முனை 3' என்றும் எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

மதிப்பெண் விஷயத்தில், (அ) பிரிவின் ஐந்தில் எம்.ஆர்.என்.ஏவின் எழுத்துகளுக்கு ஒன்று, முனைகளைக் குறித்ததற்கு ஒன்று, AUG-யிலிருந்து வெட்டியதற்கு ஒன்று, அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று பிரித்தேன். முந்தைய படியில் தவறியிருந்தாலும், கிடைத்த வரிசையை அடுத்த படியில் முறையாகக் கையாண்டிருந்தால் அந்தப் படிக்கு மதிப்பெண் உண்டு. மெத்தியோனின், ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், கிளைசின் என்று எழுதிய மாணவிக்கு இந்தக் கணக்கில் மூன்று கிடைத்தது. AUG-யைத் தேடி வெட்டியதும் அட்டவணையைப் பார்த்ததும் சரி, எழுத்துகளும் முனைகளும்தான் போயின. குளுட்டாமிக் அமிலத்தில் தொடங்கியவர்களில் பலருக்கும் அதே மூன்று, ஆனால் வேறு மூன்று: எழுத்துகளுக்கு ஒன்று, அட்டவணைக்கு இரண்டு. அடுத்த தேர்வுக்கு முன்னால் அவளுக்கு நான் கொடுத்த பயிற்சி, வரிசையின் மேல் இழையின் பெயரை எழுதுவது. மற்றவர்களுக்குக் கொடுத்தது, எழுத்துகளை எழுதுவதற்கு முன்பே 5'-ஐயும் 3'-ஐயும் போட்டுவிடுவது.